வகுப்புத் தேர்வைத் தவறவிட்டபின் தலைமையாசிரியருக்கு மன்னிப்புக் கடிதம்: தொனியைத் திருத்தி எழுத முழுமையான வழிகாட்டி

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, என் வகுப்பு மாணவி ஒருத்தி கையில் ஒரு தாளோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். பத்தாம் வகுப்பு. முந்தின நாள் நடந்த அறிவியல் வகுப்புத் தேர்வுக்கு அவள் வரவில்லை. “மன்னிப்புக் கடிதம் எழுதி, வகுப்பாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா” என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். எழுதிக்கொண்டுதான் வந்திருந்தாள். படித்துப் பார்த்தேன். பிழை அதிகம் இல்லை, கையெழுத்தும் அழகு. ஆனால் அதை அப்படியே கொண்டுபோயிருந்தால் அவர் முகம் இன்னும் இறுகியிருக்கும்.

அந்தக் கடிதத்தை இருவரும் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தினோம். அந்தத் திருத்தத்தைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். அவள் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். தேர்வுத்தாளில் கடிதம் எழுதும்போது உண்மைப் பெயரைப் போடாமல் ‘அ.அ.அ.’ என்று எழுதுவோமே, அதையே இங்கும் வைத்துக்கொள்கிறேன்.

முதலில், இது விடுப்பு விண்ணப்பம் இல்லை

ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பழகியவர்கள். ‘காய்ச்சல் காரணமாகப் பள்ளிக்கு வர இயலவில்லை, ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்பது கை தானாக எழுதும் வரி. அதில் காரணம்தான் முக்கியம். காரணம் சரியாக இருந்தால் விடுப்பு கிடைக்கும். மன்னிப்புக் கடிதத்தை எழுத உட்காரும்போதும் அதே பழக்கத்தில் காரணத்தையே முன்னால் வைத்து, அதையே பெரிதாக்கி எழுதிவிடுகிறார்கள். தலைமையாசிரியர் இங்கே தேடுவது வேறு. என்ன செய்தாய், அது தவறு என்று உனக்குத் தெரிகிறதா, இனி என்ன செய்வாய் என்ற மூன்றையும்தான் அவர் பார்ப்பார். காரணத்துக்கும் இடம் உண்டு, ஆனால் அது இரண்டாம் பத்தியில்.

அவள் எழுதிக்கொண்டு வந்த கடிதம்

முகவரிப் பகுதியை விட்டுவிட்டு, உள்ளடக்கத்தை மட்டும் தருகிறேன்.

> பாசத்திற்கும் மரியாதைக்கும் உரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களின் பாதம் பணிந்து எழுதுவது.
>
> நான் நேற்று எதிர்பாராத விதமாக அறிவியல் தேர்வுக்கு வர முடியாமல் போய்விட்டது. எங்கள் ஊரில் திருவிழா என்பதால் ஒலிபெருக்கிச் சத்தத்தில் இரவு தூங்க முடியவில்லை. காலையில் அம்மாவும் எழுப்பவில்லை. பேருந்தும் சீக்கிரமே போய்விட்டது. தேர்வு இருப்பதை ஆசிரியர் முந்தின நாள்தான் சொன்னார். என்மேல் ஏதாவது தவறு இருந்தால் உங்கள் பெரிய மனதால் மன்னித்துவிடுங்கள். நான் செய்தது மன்னிக்கவே முடியாத குற்றம். உயிருள்ளவரை இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன். தாங்கள் எனக்கு மறுதேர்வு வைத்து மதிப்பெண் போட வேண்டும். உங்களைப் போன்ற தங்கமான மனம் படைத்தவர் எங்களுக்குத் தலைமையாசிரியராகக் கிடைத்தது நாங்கள் செய்த பாக்கியம்.

திருத்துவதற்கு முன் பேனாவை மூடி வைக்கச் சொன்னேன். நடந்ததை வாயால் சொல்லச் சொன்னேன்.

படி 1: நடந்ததை முழுவதும் கேட்டுக்கொள்வது

“நாடகம் பார்க்கப் போனேன் சார். வர்றதுக்கு ரெண்டு மணி ஆயிருச்சு. எந்திரிக்கையில எட்டு. பஸ் ஏழு ஐம்பதுக்கே போயிருச்சு.”

“அடுத்த பஸ் எத்தனை மணிக்கும்மா?”

“ஒன்பது மணிக்கு ஒண்ணு இருக்கு சார்.”

“அதுல வந்திருந்தா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “பரீட்சை ஆரம்பிச்சிருப்பாங்க. எல்லாரும் பார்க்கையில உள்ள வரணும்னு பயமா இருந்துச்சு சார். அதான் வீட்லயே இருந்துட்டேன்.”

கடிதத்துக்கு வேண்டிய செய்தி இதுதான், அவள் எழுதிய தாளில் இது இல்லவே இல்லை. நாடகம் பார்த்ததையோ பேருந்து போனதையோ தலைமையாசிரியர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். அடுத்த பேருந்து இருந்தும் வராமல் இருந்தது, யாருக்கும் தகவல் சொல்லாதது ஆகிய இரண்டும்தான் உண்மையில் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடங்கள்.

நீங்களே தனியாக எழுதுகிறீர்கள் என்றால், அன்று காலை எழுந்ததிலிருந்து நடந்ததை மணிக்கணக்கோடு ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ‘இந்த இடத்தில் நான் வேறு மாதிரி செய்திருக்க முடியும்’ என்று தோன்றும் வரியின் கீழே ஒரு கோடு போடுங்கள். அந்த வரி கடிதத்தில் வராவிட்டால், மற்ற வரிகள் எவ்வளவு பணிவாக இருந்தாலும் படிப்பவருக்கு ஏதோ மறைப்பதுபோலத்தான் இருக்கும்.

தேர்வு பற்றியும் கேட்டேன். ‘முந்தின நாள்தான் சொன்னார்’ என்பது உண்மையா? இல்லை. தேர்வு நாளை ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதிப் போட்டுவிட்டார். முந்தின நாள் சொன்னது நினைவூட்டல். அந்த வரி தலைமையாசிரியர் மேசையில் என்ன ஆகும்? அறிவியல் ஆசிரியரைக் கூப்பிட்டு விசாரிப்பார். பலகையில் எழுதியதை முப்பது பிள்ளைகள் சொல்வார்கள். மன்னிப்புக் கேட்கப் போனவள் பொய் சொன்னவளாகத் திரும்ப வேண்டியதுதான்.

படி 2: ‘நான்’ என்று தொடங்கிய வாக்கியத்தை ‘நான்’ என்றே முடிப்பது

‘நான் நேற்று தேர்வுக்கு வர முடியாமல் போய்விட்டது.’ இந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இரண்டாம் முறை படிக்கும்போது அவளே நிறுத்தினாள். ‘நான்’ என்று எழுவாய் வந்தால், ‘-இல்லை’ என்று முடியும் எதிர்மறை தவிர, வினைமுற்று ‘-ஏன்’ என்று முடிய வேண்டும். இங்கே ‘போய்விட்டது’ என்று முடிகிறது. இலக்கணப்படி பிழை. ஆனால் பிழை வந்த காரணத்தைப் பாருங்கள். தவறைச் சொல்லும் வினை வரும் இடத்தில் மனம் பின்வாங்கி, ‘நான்’ செய்ததை ‘அது’வாக நடந்ததாக்கிவிட்டது.

தமிழில் இந்த வசதி நிறைய. முடியவில்லை, இயலவில்லை, நேர்ந்துவிட்டது, ஆகிவிட்டது, போய்விட்டது. எல்லாமே யாரும் எதுவும் செய்யாமல் தானாக நடந்ததுபோல் ஒலிக்கும். விடுப்பு விண்ணப்பத்தில் ‘இயலவில்லை’ பொருத்தம், ஏனென்றால் காய்ச்சலில் கிடந்தவரால் உண்மையிலேயே இயலாது. 9 மணிப் பேருந்து இருந்த பிள்ளைக்கு அந்தச் சொல் பொருந்தாது. ‘தேர்வை நான் எழுதவில்லை’ என்று எழுதச் சொன்னேன். முதலில் அவளுக்குத் தயக்கம். “மொட்டையா, திமிரா எழுதின மாதிரி இருக்காதா சார்?” என்றாள். அந்த ஒரு வரி மட்டும் இருந்தால் அப்படித்தான் இருக்கும். அடுத்த வரியிலேயே மன்னிப்பு வருவதால் மொட்டையாகத் தெரியாது.

‘விட்டேன்’ என்ற துணைவினையைக் கொஞ்சம் கவனித்துப் பயன்படுத்த வேண்டும். ‘வீட்டிலேயே இருந்தேன்’ என்பதற்கும் ‘வீட்டிலேயே இருந்துவிட்டேன்’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதில் ‘அப்படிச் செய்திருக்கக் கூடாது’ என்ற வருத்தம் தானாகவே ஒலிக்கிறது. எனவே தவறின் மையமான வரியில் ஒரு முறை அது வரலாம். ஒவ்வொரு வரியிலும் தூங்கிவிட்டேன், மறந்துவிட்டேன், வராமல் இருந்துவிட்டேன் என்று வந்தால் அதுவே புலம்பலாகிவிடும்.

படி 3: ‘உம்’, ‘தான்’, ‘இருந்தால்’

மூன்றும் சின்னச் சின்னச் சொற்கள். கடிதத்தின் தொனியைக் கெடுத்ததில் இவற்றுக்குத்தான் பெரிய பங்கு.

‘அம்மாவும் எழுப்பவில்லை. பேருந்தும் போய்விட்டது.’ இந்த ‘உம்’ ஒவ்வொன்றும் குற்றவாளிக் கூண்டில் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒலிபெருக்கி, அம்மா, பேருந்து எனக் கூட்டம் சேர்ந்ததும் எழுதியவள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறாள். அம்மாவைப் பற்றிய வரியை அடியோடு எடுத்தோம். அந்த அம்மா விடியற்காலையிலேயே பூப்பறிக்கப் போய்விடுபவர். வீட்டில் நடந்ததைக் கடிதத்தில் எழுதி அவரைத் தலைமையாசிரியர் முன் நிறுத்தத் தேவையில்லை. பேருந்து ‘சீக்கிரமே’ போகவும் இல்லை, தன் நேரத்துக்குத்தான் போனது.

‘முந்தின நாள்தான் சொன்னார்.’ இதில் ‘தான்’ இல்லாவிட்டால் அது வெறும் தகவல். ‘தான்’ சேர்ந்ததும் ஆசிரியர்மேல் புகார். தலைமையாசிரியருக்கு எழுதும் மன்னிப்புக் கடிதத்தில் இன்னோர் ஆசிரியரைப் பற்றிய புகார், அரை வரி என்றாலும் கூடாது. தேர்வு அறிவிப்பில் உண்மையாகவே குறை இருந்தால் அதை வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லலாம்.

‘என்மேல் ஏதாவது தவறு இருந்தால் மன்னித்துவிடுங்கள்.’ கல்யாண வீட்டில் பந்தி முடிந்து விடைபெறும்போது, ‘ஏதாவது குறை இருந்தா மனசுல வச்சுக்காதீங்க’ என்று சொல்வது நம் வழக்கம். அங்கே அது அழகு. இங்கே, தவறு நடந்தது இருவருக்கும் தெரியும். ‘இருந்தால்’ என்றதும், ‘இருக்கிறதா இல்லையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்’ என்றாகிவிடுகிறது. அதற்கு அடுத்த வரியிலேயே ‘மன்னிக்கவே முடியாத குற்றம்’ என்றும் எழுதியிருந்தாள். ஒரு வரியில் தவறு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடுத்த வரியில் கொலைக் குற்றம். இரண்டையும் எடுத்துவிட்டு ‘அது என் தவறு’ என்று மூன்றே சொல்லில் எழுதினோம்.

படி 4: பணிவின் அளவு

பாதம் பணிதல், சத்தியம், உயிருள்ளவரை, தங்கமான மனம், பாக்கியம். பிள்ளைகள் இதைப் பொய்யாக எழுதுவதில்லை. பயந்த மனம் கிடைத்த பெரிய சொல்லையெல்லாம் அள்ளிப் போடுகிறது. ஆனால் படிக்கும் பெரியவருக்கு இது இரண்டு விதமாகத்தான் படும். ஒன்று, எங்கோ பார்த்து எழுதியதாக. இல்லையென்றால், ஏதோ காரியம் ஆக வேண்டிப் புகழ்வதாக. புகழ்ச்சிக்குச் சற்று முன்னால் மறுதேர்வைக் கேட்டிருப்பதால் இரண்டாவது எண்ணம்தான் முதலில் வரும். தேர்வை எழுதாமல் போனதற்கும் அவர் தங்கமானவரா என்பதற்கும் தொடர்பே இல்லை. அந்த வரி முழுவதும் போகட்டும் என்றேன்.

பணிவைக் காட்டத் தமிழில் அடக்கமான வழிகள் இருக்கின்றன. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்ற விளி போதும். தலைமையாசிரியர் பெண் என்றால் ‘மதிப்பிற்குரிய அம்மா’ அல்லது ‘அம்மையீர்’. உள்ளே ‘தாங்கள்’ என்று தொடங்கினால் கடைசிவரை தாங்கள், தங்களிடம் என்றே போக வேண்டும். அவள் கடிதத்தில் ‘உங்கள்’ என்று ஓர் இடத்திலும் ‘தாங்கள்’ என்று இன்னோர் இடத்திலும் இருந்தது. பேச்சில் இது பெரிதில்லை, எழுத்தில் இரண்டு பேர் சேர்ந்து எழுதியதுபோல் தெரியும். ‘மன்னித்துவிடுங்கள்’ என்பது வீட்டில் மூத்தவரிடம் சொல்வது. அலுவல் கடிதத்தில் ‘மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்’ அல்லது ‘மன்னிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’. ‘வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது அறிக்கையின் நடை. பதினைந்து வயதுப் பிள்ளையின் கடிதத்தில் ஒட்டாமல் நிற்கும்.

படி 5: மறுதேர்வை எப்படிக் கேட்பது

‘மறுதேர்வு வைத்து மதிப்பெண் போட வேண்டும்.’ தமிழில் ‘வேண்டும்’ என்ற சொல்லில் வேண்டுகோளும் இருக்கிறது, கட்டாயமும் இருக்கிறது. ‘தாங்கள் … போட வேண்டும்’ என்றால் கட்டாயமே மேலோங்கும், உத்தரவுபோல் இருக்கும். அதோடு, மன்னிப்பு கிடைப்பதற்கு முன்பே மதிப்பெண்ணைக் கேட்பதால், கடிதம் முழுவதும் அந்த மதிப்பெண்ணுக்காகத்தான் என்று ஆகிவிடும்.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். மதிப்பெண் என்ற சொல்லை எடுத்தோம். மறுதேர்வு வைப்பதா இல்லையா என்ற முடிவை அவர் கையில் விட்டு, தன் பக்கத்தில் என்ன செய்யத் தயார் என்பதை மட்டும் எழுதினோம்: ‘தாங்கள் அனுமதித்தால், சொல்லும் நாளில் எழுத ஆயத்தமாக இருக்கிறேன்.’ இதை எழுதுமுன் பாடத்தைப் படித்திருக்க வேண்டும். “சரி, இப்பவே எழுது” என்று வினாத்தாளை நீட்டினால் விழிக்கக் கூடாது. தேர்வு இயக்க விதிகள் பாடத்தில், 25 மதிப்பெண்ணுக்கு. முந்தின நாள் வீட்டில் இருந்தபோது படித்தாளா என்று கேட்டேன். பயத்தில் புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம். ‘திங்கட்கிழமைக்குள் படித்து முடிப்பேன்’ என்பதைக் கடிதத்தில் சேர்த்தோம்.

உறுதிமொழிக்கும் இதே அளவுகோல்தான். ‘உயிருள்ளவரை’ என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. ‘பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த பேருந்தில் வந்து நடந்ததைச் சொல்வேன்’ என்பதை இந்த மாதமே சரிபார்க்கலாம்.

திருத்திய கடிதம்

> அனுப்புநர்
> அ.அ.அ.,
> பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு,
> அரசு உயர்நிலைப் பள்ளி,
> ஆ.ஆ.ஆ.
>
> பெறுநர்
> தலைமையாசிரியர் அவர்கள்,
> அரசு உயர்நிலைப் பள்ளி,
> ஆ.ஆ.ஆ.
>
> வழி: வகுப்பாசிரியர்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: அறிவியல் வகுப்புத் தேர்வு எழுதாததற்கு மன்னிப்பு வேண்டுதல் – தொடர்பாக.
>
> வணக்கம். நேற்று (06.08.2025, புதன்) முதல் பாடவேளையில் நடந்த அறிவியல் வகுப்புத் தேர்வை நான் எழுதவில்லை. அனுமதி பெறாமலும் தகவல் சொல்லாமலும் பள்ளிக்கு வராமல் இருந்தேன். இதற்காகத் தங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> செவ்வாய் இரவு எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நாடகம் பார்த்துவிட்டு நேரம் கழித்துத் தூங்கினேன். காலையில் தாமதமாக எழுந்ததால் 7.50 மணிப் பேருந்தில் வர முடியவில்லை. 9 மணிப் பேருந்தில் வந்திருக்கலாம். தேர்வு தொடங்கிய பிறகு வகுப்புக்குள் வரப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். அது என் தவறு.
>
> தேர்வு நாளை அறிவியல் ஆசிரியர் ஒரு வாரம் முன்பே அறிவித்திருந்தார். அவரிடம் இன்று காலை நேரில் மன்னிப்புக் கேட்டேன்.
>
> இனித் தேர்வுக்கு முந்தைய இரவு நேரத்தோடு தூங்குவேன். பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த பேருந்தில் வந்து நடந்ததைச் சொல்வேன். இயக்க விதிகள் பாடத்தைத் திங்கட்கிழமைக்குள் படித்து முடிப்பேன். மறுதேர்வு எழுதத் தாங்கள் அனுமதித்தால், சொல்லும் நாளில் எழுத ஆயத்தமாக இருக்கிறேன்.
>
> நன்றி.
>
> இப்படிக்கு,
> தங்கள் மாணவி,
> அ.அ.அ.
>
> இடம்: ஆ.ஆ.ஆ.
> நாள்: 07.08.2025
>
> பெற்றோர் கையொப்பம்:

இதில் ஓர் இடத்தில் ‘வர முடியவில்லை’ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 7.50 மணிப் பேருந்தைப் பொறுத்தவரை அது உண்மை, அதனால் விட்டுவைத்தேன். பொய்யாகும் இடத்தில் மட்டும்தான் அந்தச் சொல்லுக்குத் தடை.

அறிவியல் ஆசிரியரைப் பற்றிய பத்தியை அவள் எழுதும்போது அது இன்னும் நடக்கவில்லை. “அப்ப இதை எழுதலாமா சார்?” என்றாள். போய்ச் சொல்லிவிட்டு வந்து எழுது என்று அனுப்பினேன். பத்து நிமிடத்தில் வந்து எழுதினாள். இந்த வரிசை முக்கியம். தேர்வை நடத்தியவர் அவர். அவரிடம் ஒரு சொல் சொல்லாமல் நேரே தலைமையாசிரியருக்குக் கடிதம் போனால், அவரைத் தாண்டிப் போனதாக ஆகும்.

வடிவத்தில் இரண்டு சின்னத் திருத்தங்கள். ‘அனுப்புனர்’, ‘பெறுனர்’ என்று எழுதியிருந்தாள். ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்பதே சரி. ஓட்டுநர், நடத்துநர் போல ‘-நர்’ என்ற விகுதி. முடிவில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்று போட்டிருந்தாள். வழக்கமான முடிப்புதான், தவறில்லை. சொல்லாமல் வராமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் ‘கீழ்ப்படிதலுள்ள’ என்பது உறுத்தியதால் ‘தங்கள் மாணவி’ என்று சுருக்கினோம்.

காரணம் உண்மையிலேயே கைமீறியது என்றால்

உடல்நலமில்லாமலோ வீட்டில் துக்கம் நேர்ந்தோ தேர்வைத் தவறவிட்டால், இரண்டாம் பத்தி மாறும். அங்கே ‘இயலவில்லை’ என்று தாராளமாக எழுதலாம். நோயை விவரிக்க வேண்டியதில்லை. மாணவிகள் ‘உடல்நலக் குறைவு’ என்று மட்டும் எழுதினால் போதும், அதற்குமேல் யாரும் கேட்கவும் கூடாது. இத்தகைய கடிதத்தில் மன்னிப்பு, வராததற்கு இல்லை, தகவல் சொல்லாததற்கு. ‘அன்றே தகவல் தெரிவிக்காததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுங்கள். தகவலும் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கடிதமே தேவையில்லை, விடுப்பு விண்ணப்பமும் மறுதேர்வுக்கான வேண்டுகோளும் போதும்.

கொண்டுபோய்க் கொடுப்பது

எழுதி முடித்ததும் கடிதத்தை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியைத் தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருக்கிறதோ, அங்கே இன்னும் நடிப்போ மறைப்போ மிச்சம் இருக்கிறது. அவளுக்கு முதலில் எழுதிய கடிதத்தில் ‘பாதம் பணிந்து’ என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. திருத்திய பிறகு ‘வரப் பயந்து’ என்ற இடத்தில் மட்டும் குரல் இறங்கியது. அது இருக்கட்டும் என்றேன்.

வெள்ளைத்தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரே பக்கத்தில் முடியும்படி எழுதுங்கள். முதலில் பெற்றோர் கையொப்பம், அதன்பின் வகுப்பாசிரியர் கையொப்பம். பெற்றோர் படித்துவிட்டுப் போட வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் பிள்ளையே வாசித்துக் காட்டிவிட்டுக் கையொப்பமோ கைநாட்டோ வாங்கட்டும். அம்மாவின் கையொப்பத்துக்காக அவள் கடிதத்தை அன்று வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவந்தாள். நாள் 07.08.2025 என்றே இருக்கட்டும், எழுதிய நாள் அதுதான் என்றேன்.

பாடவேளை நடக்கும்போது போகாமல், காலை இடைவேளையில் போகச் சொன்னேன். இரண்டு கையாலும் நீட்டு, அவர் படித்து முடிக்கும்வரை எதுவும் சொல்லாதே. கடிதத்தில் எல்லாம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம். “அறிவியல் சார்கிட்ட நேர்ல சொல்லிட்டியாம்மா?”

“சொல்லிட்டேன் சார்.”

மேசையிலிருந்த பேனாவை எடுத்து, கடிதத்தின் ஓரத்தில் ‘திங்கள், மதிய இடைவேளை, மறுதேர்வு’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.